ஒரு டியூப் அடைப்பு என்கிறது ரிப்போர்ட். படம் என்ன சொல்கிறது?

கேள்வி: எனக்கு 30 வயது. இரண்டரை வருடமாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். மாதவிலக்கு சரியாக வருகிறது, கணவரின் விந்துப் பரிசோதனையும் நார்மல். மூன்று வாரத்துக்கு முன், கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று சாயம் செலுத்திப் பார்க்கும் எக்ஸ்ரேயான எச்.எஸ்.ஜி. எடுத்தேன். சாயத்தைச் செலுத்தியதும் தாங்க முடியாத வலி; சீக்கிரமே முடித்து அனுப்பிவிட்டார்கள். கையில் நான்கு படங்கள் இருக்கின்றன. ரிப்போர்ட்டில் ‘வலது டியூப் திறந்திருக்கிறது, சாயம் வெளியேறுகிறது, இடது டியூப் தெரியவில்லை, கார்னுவல் பிளாக்’ என்று போட்டிருக்கிறது. ஆனால் படத்தைப் பார்த்தால் இடது பக்கம்தான் நூல் மாதிரி ஒன்று ஓடி, கடைசியில் புகை போலப் பரவுகிறது. வலது பக்கம் மூலையோடு மழுங்கி நின்றுவிடுகிறது. பக்கத்தை மாற்றி எழுதிவிட்டார்களா? அந்த நூலும் நுனிப்பக்கம் அகலமாகிறது, அது வீக்கமா? ஒரு டியூப் போனால் வாய்ப்பும் பாதியாகிவிடுமா? ஒரு டாக்டர் லேப்ராஸ்கோபி என்கிறார், உறவினர்கள் நேராக ஐ.வி.எஃப். போகச் சொல்கிறார்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

பக்கத்தை மாற்றி எழுதவில்லை. எக்ஸ்ரே படத்தை நாங்கள் எப்போதும், நோயாளி எங்களைப் பார்த்தபடி எதிரே இருப்பதாக வைத்துத்தான் படிக்கிறோம். எதிரே நிற்பவரின் வலது கை உங்களுக்கு இடது பக்கம்தானே தெரியும்? அதேபோல் உங்கள் வலது டியூப் படத்தின் இடது பாதியில் இருக்கும். படத்தின் ஓரத்தில் R அல்லது L என்று ஒரு எழுத்து இருக்கிறதா பாருங்கள். R இருக்கும் பக்கம் உங்கள் உடலின் வலது பக்கம். அந்த எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பித் தெரிந்தால் ஃபிலிமைப் பின்பக்கமாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஃபிலிமை ஜன்னலில் வைத்து போனில் படம் எடுத்து அனுப்பும்போது இது அடிக்கடி நடக்கிறது. உங்கள் வர்ணனையும் ரிப்போர்ட்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன: நூல் போல ஓடிப் புகையாகப் பரவுவது உங்கள் வலது டியூப், மூலையில் மழுங்கி நிற்பது இடது.

அடுத்ததாக, அந்த நான்கு படங்களை ஒரே படத்தின் நான்கு பிரதிகள் என்று நினைத்துப் பார்க்காதீர்கள். அவை ஒரு ஓட்டத்தின் நான்கு நொடிகள். முதல் படத்தில் கருப்பை மட்டும் பாதி நிறைந்திருக்கும், டியூப் எதுவும் தெரியாது. அதைப் பார்த்து ‘இரண்டும் அடைப்பு’ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சாயம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அடுத்ததில் கருப்பை முழுக்க நிறைந்து, தலைகீழாக வைத்த முக்கோணம் போலத் தெரியும். முனை கீழே கருப்பை வாய்ப்பக்கம். மேலே இரண்டு மூலைகள். அந்த மூலைகளைத்தான் ரிப்போர்ட் ‘கார்னு’ என்கிறது. டியூப்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. பிறகு வரும் படங்களில் டியூப்கள் நிறைவதும், நுனி வழியாகச் சாயம் வயிற்றுக்குள் கொட்டுவதும் தெரியும். சாயம் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். சில மெஷின்களில் நிறம் மாறிக் கருப்பாக வரும், அதனால் எதுவும் வேறுபடாது.

வலது பக்கம்: அகலமாவது வீக்கமா?

இல்லை. டியூப் முழு நீளத்துக்கும் ஒரே அளவான குழாய் கிடையாது. சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகிறது. கருப்பைச் சுவருக்குள் புதைந்திருக்கும் முதல் சென்டிமீட்டரில் உள்துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைத் தாண்டியதும் ஒரு மெல்லிய நூல். பிறகு வெளிப்பக்கப் பாதியில் அகன்று, வளைந்து, விரல்கள் போன்ற இழைகளோடு முடிகிறது. முட்டையும் விந்தணுவும் சந்திப்பது இந்த அகன்ற பகுதியில்தான். ஆகவே நுனிப்பக்கம் அகலமாகத் தெரியாவிட்டால்தான் நான் யோசிப்பேன்.

அப்படியானால் நிஜமான வீக்கத்தை எப்படி அடையாளம் காண்பது? நான் மூன்று விஷயம் பார்ப்பேன். அகன்ற பகுதிக்குள் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா என்பது முதலாவது. டியூப்பின் உள்தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த மடிப்புகள் சாயத்துக்குள் ரேகைகளாகத் தெரிந்தால் உள்தோல் உயிரோடு நன்றாக இருக்கிறது. நீர் கோத்து வீங்கிய டியூப்பில் இந்த ரேகைகள் அழிந்து, உள்ளே வழவழவென்று ஒரு பை மாதிரி ஆகிவிடும். அந்தப் பைக்கு ஹைட்ரோசால்பிங்ஸ் என்று பெயர். பார்ப்பதற்கு விரல் தடிமனில் ஒரு கொழுக்கட்டை தொங்குவது போலிருக்கும்.

இரண்டாவது, சாயம் டியூப்பை விட்டு வெளியே வந்ததா என்பது. வந்திருந்தால் அது குடல் வளைவுகளுக்கு இடையே புகுந்து, பிறை பிறையாக, ஓரம் மங்கலாகப் பரவும். நீங்கள் ‘புகை போல’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்தது. நல்ல வெளியேற்றம் அப்படித்தான் தெரியும். அதற்கு மாறாக, டியூப் நுனிக்குப் பக்கத்திலேயே வட்டமாக, ஓரம் தெளிவாக, குட்டை கட்டினாற்போல நின்றால், டியூப் திறந்திருந்தாலும் சுற்றிலும் ஒட்டுத்தசைகள் இருக்கலாம்.

மூன்றாவது, கடைசிப் படத்தையும் அதற்கு முந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஆரோக்கியமான டியூப்பில் நேரம் போகப் போக டியூப்புக்குள் சாயம் குறைந்து, வெளியே பரவல் கூடும். பையாக அடைபட்ட டியூப்பில் சாயம் உள்ளேயே தேங்கி நிற்கும். இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளத்தான், கருவியையெல்லாம் எடுத்த பிறகு, சிறிது நேரம் விட்டு ஒரு தாமதப் படம் எடுப்பது. நீரில் கரையும் சாயம் என்றால் கால் மணி முதல் அரை மணி நேரம் கழித்து. எண்ணெய்ச் சாயம் என்றால் மறுநாள். உங்களிடம் இருக்கும் நான்கில் அப்படி ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் வலது பக்கத்தைப் பொறுத்தவரை, மெல்லிய நூல், அளவாக அகலும் நுனி, புகை போன்ற பரவல் மூன்றும் சேர்ந்திருப்பதால் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். வலுவாகச் சாயம் செலுத்தும்போது சில சமயம் அது கருப்பைச் சுவரில் உள்ள ரத்தக் குழாய்களுக்குள் புகுந்துவிடும். அது ஒற்றை நூலாக இருக்காது. சுவரை ஒட்டி வலை பின்னினாற்போலத் தெரிந்து, மேல்நோக்கி ஓடி, சீக்கிரம் மறைந்துவிடும். டியூப் இதுதான் என்று அதைத் தவறாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் சொல்வது மூலையிலிருந்து கிளம்பும் தனி நூல் என்பதால் அந்தக் குழப்பம் இங்கே இல்லை.

இடது பக்கம்: எந்த இடத்தில் நின்றது?

எச்.எஸ்.ஜி. படத்தைப் படிக்கும்போது நான் விடாமல் கேட்கும் கேள்வி இது. ‘திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா’ என்று கேட்பதைவிட ‘சாயம் எங்கே நின்றது, எப்படி நின்றது’ என்று கேட்டால் படம் நிறையப் பேசும். நுனியில் வீங்கிப் பையாகி நின்றால், அது பெரும்பாலும் பழைய தொற்று விட்டுச்சென்ற நிஜமான அடைப்பு. நூல் பகுதியின் நடுவில் திடீரென்று நின்றால், அங்கே முன்பு ஆபரேஷன் நடந்திருக்கிறதா, டியூப்பில் கரு தங்கியிருந்ததா என்று விசாரிப்போம். நூலைச் சுற்றிச் சிறு சிறு புள்ளிகளாகச் சாயம் தேங்கினால் அது தனி நோய். ஆனால் டியூப்புக்குள் நுழையவே நுழையாமல், கருப்பையின் மூலையிலேயே மழுங்கலாக நின்றால்? அந்த ஒரு இடத்தில் மட்டும், படத்தைப் பார்த்து அடைப்பு என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். டியூப்பின் முதல் சென்டிமீட்டர் கருப்பையின் தசைக்குள்ளேதான் ஓடுகிறது. அந்தத் தசை இறுகினால் துளையும் சேர்ந்து மூடிக்கொள்ளும். வலி, பயம், சாயத்தை வேகமாகச் செலுத்துவது, குளிர்ந்த சாயம், கருப்பை வாயைப் பிடிக்கும் கருவி என்று எது வேண்டுமானாலும் அந்த இறுக்கத்தைத் தூண்டலாம். இறுகிய மூலையும் நிஜமாக அடைத்த மூலையும் ஒற்றைப் படத்தில் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். தாங்க முடியாத வலி, சீக்கிரமே முடித்துவிட்டார்கள் என்று நீங்கள் எழுதிய இரண்டு வரிகளும், ரிப்போர்ட்டில் உள்ள ‘பிளாக்’ என்ற சொல்லை நான் அப்படியே ஏற்காததற்குப் பாதிக் காரணம்.

மீதிப் பாதி, சாயம் ஓடும் விதம். கருப்பைக்குள் இடம் மிகக் குறைவு. சில மில்லிலிட்டரிலேயே நிறைந்துவிடும். அதற்கு மேல் செலுத்துவதெல்லாம் டியூப்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். இரண்டு வாய்க்கால் இருந்து ஒன்றின் மடை கொஞ்சம் தாராளமாகத் திறந்திருந்தால், தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிவிடும். மற்றதில் ஏறுவதற்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காது. உங்கள் வலது டியூப் தாராளமாக விட்டுக்கொடுத்ததால் இடது பக்கம் காத்திருந்தே போயிருக்கலாம். செலுத்தும் குழாயின் நுனி வலது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். மூலையில் கெட்டிப்பட்ட சளித்துளியோ, சாயத்தோடு போன காற்றுக் குமிழியோ தற்காலிகமாக அடைப்பதும் உண்டு. கருப்பை ஒரு பக்கம் திரும்பியிருந்தால் டியூப்பின் ஆரம்பம் கருப்பை நிழலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கொஞ்சம் சாய்த்து எடுத்தால்தான் தெரியும்.

பயிற்சியில் இருந்தபோது, இரண்டு மூலையும் மழுங்கி நின்ற ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, ‘இரண்டு டியூப்பும் அடைப்பு’ என்று ஒரு பெண்ணிடம் நான் நேராகச் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு லேப்ராஸ்கோபியில் நீலச் சாயம் விட்டபோது இரண்டு நுனியிலிருந்தும் அது தாராளமாகக் கொட்டியது. அன்றிலிருந்து மூலையில் நின்ற படத்துக்கு ‘அடைப்பு’ என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. ‘இந்த முறை சாயம் நுழையவில்லை’ என்றுதான் எழுதுகிறேன். அப்படி நின்றவர்களுக்கு வேறொரு நாள் மறுபடி செய்து பார்த்தால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு டியூப் திறந்திருப்பது தெரிகிறது.

உங்கள் ரிப்போர்ட்டையே மறுபடி பாருங்கள். ஒரே வரியில் ‘தெரியவில்லை’ என்றும் இருக்கிறது, ‘பிளாக்’ என்றும் இருக்கிறது. முதலாவது, கண்ணில் பட்டதைச் சொல்கிறது. இரண்டாவது அதிலிருந்து எடுத்த ஊகம். ஒரு டியூப் வழியாகச் சாயம் போய்விட்டால் அது திறந்திருப்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிடுகிறது. போகாவிட்டால், எதிர்ப்பக்கத்துக்கு அதே அளவு அத்தாட்சி கிடைப்பதில்லை. ஆகவே உங்கள் படத்தை நான் படித்தால் எழுதுவது இது: வலது டியூப் திறந்திருக்கிறது, இடது டியூப் திறந்திருக்கிறதா என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இதைக் கொஞ்சம் உறுதிப்படுத்திக்கொள்ள வழி இருக்கிறது. பரிசோதனை நடக்கும்போது டாக்டர் திரையில் ஓடும் காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்; உங்களுக்குத் தரும் நான்கு படங்கள் அதில் எடுத்து வைத்தவை மட்டுமே. எல்லாப் படங்களையும் சேமித்து வைத்திருக்கிறார்களா, சிடியில் தர முடியுமா என்று கேளுங்கள். அவை உங்கள் உடலின் படங்கள், கேட்பதில் தயக்கம் வேண்டாம். கூடவே மூன்று கேள்வி: இடது மூலையைத் தாண்டி ஒரு நொடியாவது சாயம் நுழைந்ததா, வலி குறையும்வரை காத்திருந்து மறுபடி மெதுவாகச் செலுத்திப் பார்த்தார்களா, தசை இறுக்கம் தளர ஊசி ஏதும் போட்டார்களா. முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், மூலையில் அடைப்பு என்ற பேச்சு அதோடு முடிந்தது. மற்ற இரண்டுக்கும் ‘இல்லை’ என்று வந்தால், இடது டியூப்புக்கு உரிய வாய்ப்பை அன்றைக்குத் தரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாய்ப்பு பாதியாகுமா?

இடது டியூப் நிஜமாகவே அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு அப்படி வராது. ஒரு மாதம் வலது, ஒரு மாதம் இடது என்று முட்டை முறை வைத்து வருவதில்லை. ஒரே பக்கம் தொடர்ந்து சில மாதம் வருவதும் சகஜம். அதைவிட முக்கியம், டியூப்களும் சினைப்பைகளும் படத்தில் காட்டுவது போல இரண்டு கையை விரித்தபடி தள்ளித் தள்ளி இருப்பதில்லை. கருப்பைக்குப் பின்னால் நெருக்கமாகத் தொங்குகின்றன. இடது சினைப்பையிலிருந்து வந்த முட்டையை வலது டியூப் வாங்கிக்கொள்வது உண்டு. வலது டியூப்பும் இடது சினைப்பையும் மட்டுமே மிஞ்சிய பெண்கள் இயற்கையாகக் கருத்தரித்திருப்பதால் இது நமக்கு நிச்சயமாகத் தெரியும். ஆகவே ஸ்கேனில் ‘இந்த மாதம் இடது பக்க முட்டை’ என்று சொன்னால் அந்த மாதத்தை வீணென்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எச்.எஸ்.ஜி. காட்டுவது பாதை திறந்திருக்கிறதா என்பதை மட்டும். முட்டையைப் பிடிக்கும் இழைகள் நன்றாக வேலை செய்கின்றனவா, உள்ளே இருக்கும் நுண்ணிய ரோமங்கள் முட்டையைத் தள்ளுகின்றனவா, கருப்பையின் உள்தோல் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்பதெல்லாம் இந்தப் படத்தில் வராது. திறந்திருக்கும் டியூப் நல்ல செய்தி. முழுச் செய்தி அல்ல.

லேப்ராஸ்கோபியா, ஐ.வி.எஃப்.பா, இன்னும் கொஞ்சம் காத்திருப்பதா?

உங்கள் வயது 30. ஒரு டியூப் நன்றாகத் திறந்திருக்கிறது, மாதவிலக்கு ஒழுங்கு, கணவர் பக்கம் குறை இல்லை. இந்த நிலையில் ஐ.வி.எஃப்.பை முதல் படியாக நான் சொல்ல மாட்டேன். அது டியூப்களை முழுக்கச் சுற்றிக்கொண்டு போகும் வழி. இரண்டு டியூப்பும் நிஜமாக அடைத்தவர்களுக்கும், விந்தணு மிகக் குறைந்தவர்களுக்கும், வயதினால் அவகாசம் குறைந்தவர்களுக்கும் அது முன்னே வர வேண்டும். உங்களுக்கு முட்டையின் இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால் செய்துகொள்ளுங்கள்; அந்த எண் வயதுக்கு மிகக் குறைவாக வந்தால் இந்த வரிசையை நானே மாற்றுவேன்.

லேப்ராஸ்கோபி சொன்ன டாக்டர் தவறாகச் சொல்லவில்லை. டியூப்பை வெளியிலிருந்து கண்ணால் பார்த்து, நீலச் சாயம் நுனியில் கொட்டுகிறதா என்று தெரிந்துகொள்ள அதுதான் தெளிவான வழி. ஒட்டுத்தசை இருந்தால் அப்போதே பிரித்துவிடவும் முடியும். ஆனால் அது மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஆபரேஷன். ஒரு மூலையில் சாயம் நுழையவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நான் அங்கே போக மாட்டேன். மாதவிலக்கின்போது படுக்கையில் போடும் வலி, உறவின்போது ஆழத்தில் வலி, முன்பு இடுப்புக்குழியில் தொற்று, குடல்வால் வெடித்த அனுபவம், காசநோய், ஸ்கேனில் ரத்தக்கட்டி போன்ற நீர்க்கட்டி – இவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்து கடிதத்தில் எழுதாமல் விட்டிருந்தால், அப்போது லேப்ராஸ்கோபி பக்கம் நானும் சாய்வேன்.

இவை எதுவும் இல்லையென்றால் நான் போகும் வழி இது. முட்டை சரியாக வெளியாகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறையை மூன்று நான்கு மாதம் முயன்று பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும், அதுவும் மூலையில் சாயம் நிற்கும் பெண்களுக்கு ஐ.யு.ஐ. பலன், டியூப்களில் குறையே தெரியாதவர்களுக்குக் கிடைப்பதற்கு ஏறக்குறைய சமமாகவே இருக்கிறது. நுனியில் அடைப்பு உள்ளவர்களுக்குத்தான் அது குறைகிறது. நின்ற இடத்தைப் பார் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எச்.எஸ்.ஜி. எடுத்த பிறகான முதல் சில மாதங்களை வீணாக்கவும் வேண்டாம். சாயம் ஓடியதாலேயே கருத்தரிப்பு கொஞ்சம் கூடுகிறது, எண்ணெய்ச் சாயத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நெதர்லாந்தில் 1,119 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், எண்ணெய்ச் சாயம் செலுத்தப்பட்டவர்களில் ஆறு மாதத்துக்குள் 39.7 சதவீதம் பேர் கருவுற்று அது நிலைத்தது. நீர்ச் சாயத்தில் 29.1 சதவீதம். உங்களுக்கு எது போட்டார்கள் என்று ரிப்போர்ட்டில் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் இந்த மாதங்களை ‘அடுத்த டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப் போடாதீர்கள்.

அந்த முயற்சிகள் கைகூடவில்லை என்றால் இடது மூலையை மறுபடி பார்க்கலாம். வெறுமனே இன்னொரு எச்.எஸ்.ஜி.யாகவும் எடுக்கலாம்; ஆனால் நான் விரும்புவது, வசதி உள்ள இடத்தில் மெல்லிய குழாயைக் கருப்பை வாய் வழியாக இடது மூலைவரை கொண்டுபோய், அங்கேயே நேராகச் சாயம் விடும் முறை. வலது பக்கம் ஓடிவிடும் பிரச்சினை அதில் கிடையாது. சளித்துளியோ லேசான ஒட்டலோ என்றால் அந்த அழுத்தத்திலேயே திறந்துவிடும். திறக்காவிட்டால் மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். டியூப்பில் சிறு ஓட்டை விழ ஒரு வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் அது தானே ஆறிவிடும். திறந்தது சில மாதத்தில் திரும்ப மூடிக்கொள்வதும் நடக்கிறது. எனவே ஐ.யு.ஐ. செய்யப்போகும் காலத்துக்குச் சற்று முன்னால் இதைச் செய்துகொள்வது நல்லது.

எச்.எஸ்.ஜி. திரும்ப எடுப்பதாக இருந்தால், மாதவிலக்கு நின்ற பிறகு, முட்டை வெளியாகும் முன், அதாவது ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் நாள் குறித்துக்கொள்ளுங்கள். ‘போன முறை கடும் வலி வந்து ஒரு மூலை தெரியவில்லை’ என்று உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டாலே செய்பவர் முன்கூட்டியே வலி மாத்திரை கொடுப்பார், சாயத்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவருவார், மெதுவாகச் செலுத்துவார், தசை தளரும் ஊசியைக் கையருகே வைத்துக்கொள்வார். நுழையாத பக்கத்துக்காக உங்களைப் புரண்டு படுக்கச் சொல்லி இன்னொரு படமும் எடுக்கலாம்.

கடைசியில் எல்லாம் பார்த்து ஐ.வி.எஃப். என்றே முடிவானாலும், இடது டியூப்பின் நிலை அங்கே பெரிய தடையில்லை. எடுத்துவிட வேண்டும் என்று நாங்கள் சொல்வது நீர் கோத்து வீங்கிய டியூப்பைத்தான். அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து, ஐ.வி.எஃப். வெற்றியை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும். மூலையில் நின்ற டியூப்புக்குள் நீர் கோத்திருக்கிறதா என்று எச்.எஸ்.ஜி.யில் தெரியாது, சாயமே உள்ளே போகவில்லையே. அதற்கு ஒரு வஜைனல் ஸ்கேன் போதும். அதில் இடது பக்கம் வீக்கம் எதுவும் இல்லை என்றால் ‘அந்த டியூப்பை எடுத்துவிடலாம்’ என்று யார் சொன்னாலும், ஏன் என்று காரணம் கேளுங்கள்.

இதோடு ஒரே ஒரு விஷயம், மறந்துவிடாமல். டியூப்பில் சந்தேகம் உள்ள யாருக்கும் கரு கருப்பையை அடையாமல் டியூப்பிலேயே தங்கும் ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். நாள் தள்ளிப்போய் டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்ததும், எட்டாவது வாரம்வரை காத்திருக்காமல் ஆறாவது வாரமே ஸ்கேன் எடுத்து, கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதற்கு முன்பே ஒரு பக்கமாகக் கடும் வயிற்றுவலி, ரத்தக்கசிவு, தோள்பட்டை வலி, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, ராத்திரி என்றாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.